‘ஒரு ரக்ஷயுமில்ல’ பாராட்டா, புகாரா? மலையாளக் கருத்து வரிகளைத் தமிழாக்கும்போது வரும் கோளாறுகள்

களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம், தக்கலை வட்டாரத்துச் சாப்பாட்டுக் கடைகளுக்கு வரும் குட்டிக் குட்டிக் கருத்துகளில் நிறைய மலையாளத்தில்தான் இருக்கும். எல்லை தாண்டி வந்து சாப்பிட்டுவிட்டு, போகிற வழியிலேயே போனில் இரண்டு வரி தட்டி, ஸ்டாரும் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். திற்பரப்பு அருவிக்கும் பத்மநாபபுரம் அரண்மனைக்கும் வரும் மதுரை, திருச்சி, சென்னைக்காரர்களுக்கு அந்த வரிகளைத் தமிழில் காட்ட வேண்டும் என்று கடைக்காரர்களுக்கு ஆசை. மெனு அட்டையின் பின்பக்கத்தில் போடுவார்கள், கல்லாவுக்குப் பக்கத்தில் ஃப்ளெக்ஸ் அடித்து மாட்டுவார்கள்.

வேலை சின்னதுதான். ஆனால் பிழை நிறைய வருகிறது, அதுவும் மலையாளம் நன்றாகத் தெரிந்தவர்கள் கையில்தான் அதிகம் வருகிறது. 1956 நவம்பர் 1 வரை எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. நம் வீட்டுப் பேச்சிலேயே இரண்டு மொழியும் கலந்து கிடக்கிறது. மலையாளச் சொல்லை அப்படியே தமிழில் வைத்தாலும் நம் காதுக்கு உறுத்தாது. படிக்கப் போகிற மதுரைக்காரருக்கோ அது வேறு ஏதோ சொல்லும். ஆகவே கீழே உள்ள எந்தக் கோளாறைச் சோதிக்கும்போதும் உங்கள் காதை நம்பாதீர்கள். நெல்லைக்கு வடக்கே பிறந்து வளர்ந்த ஒருவரிடம் போனில் வாசித்துக் காட்டி, ‘என்ன புரிந்தது?’ என்று கேளுங்கள். ‘சரியா இருக்கா?’ என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லோரும் சரி என்றுதான் சொல்வார்கள்.

மலையாள வரிகளை இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறேன்.

கோளாறு 1: வரி பாதியில் நிற்கிறது, அல்லது யார் சொன்னது என்றே தெரியவில்லை

‘ஒருபாடு இஷ்டப்பெட்டு. இனியும் வரும்.’ அடிக்கடி வரும் வரி இதுதான். ரொம்பப் பிடித்தது, மறுபடியும் வருவோம் என்கிறார். அவசரத்தில் எழுத்தை மட்டும் மாற்றினால் ‘மிகவும் இஷ்டப்பட்டு, இனியும் வரும்’ என்று வந்து நிற்கும். ‘இஷ்டப்பட்டு’ என்றதும் தமிழ் படிப்பவர் அடுத்து என்ன என்று காத்திருப்பார்: இஷ்டப்பட்டு வாங்கினாரா, இஷ்டப்பட்டு ஏமாந்தாரா? ‘இனியும் வரும்’ என்றால் எது வரும்? வயிற்று வலியா?

காரணம் இலக்கணத்தில் இருக்கிறது. மலையாள வினைமுற்றில் இப்போது ஆள் காட்டும் விகுதி கிடையாது. பழைய மலையாளத்தில் இருந்து பிறகு உதிர்ந்துவிட்டது. நான் வந்தாலும், நாங்கள் வந்தாலும், அவர் வந்தாலும் ‘வந்நு’தான். எதிர்காலத்துக்கு எல்லோருக்கும் ‘வரும்’. இஷ்டப்பெட்டு, கழிச்சு, வந்நு என்று உகரத்தில் முடிகிறவை அங்கே முழு வாக்கியத்தை முடித்துவைக்கும் சொற்கள். தமிழில் அதே உருவம் வினையெச்சம், இன்னொரு வினைக்காகக் காத்திருக்கும். ‘வரும்’ நமக்கு அஃறிணைக்கு உரியது, மனிதர் வாயிலிருந்து வர முடியாது. ஆக, மலையாளத்தில் சொல்லாமல் விட்ட ஆளைத் தமிழில் நாம்தான் கண்டுபிடித்துப் போட வேண்டும்.

கண்டுபிடிக்கும் வழி இது. கருத்து முழுவதையும் படியுங்கள், முதல் வரியோடு நின்றுவிடாதீர்கள். ‘ஞான்’ என்று எங்காவது இருந்தால் வருவேன். ‘ஞங்ஙள்’, ‘ஃபாமிலி’, ‘பிள்ளேர்’ என்று இருந்தால் வருவோம். எதுவும் இல்லையென்றால் கூடவே போட்ட படத்தைப் பாருங்கள். மேசையில் நான்கு இலை விரித்திருந்தால் அவர் தனியாக வரவில்லை. படமும் இல்லையா, ‘வருவேன்’ என்றே போடுங்கள்; எழுதியவர் ஒருவர்தானே. சிலர் ஆளைத் தவிர்க்க ‘மறுபடி வர வேண்டிய இடம்’ என்று மாற்றுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. அவர் தன் வாயால் ஒரு வாக்கு கொடுத்திருக்கிறார். அதைப் பொதுவான பரிந்துரையாக்கினால் அந்த வாக்கு போய்விடுகிறது.

‘இஷ்டப்பெட்டு’ பகுதிக்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம். ‘ரொம்பப் பிடித்திருந்தது’ என்றால் போதும். எனக்கா எங்களுக்கா என்று சொல்லாமலேயே தமிழில் இது இயல்பாக நிற்கும். ‘அதை மிகவும் விரும்பினேன்’ என்று எழுதாதீர்கள், சாப்பிட்டு எழுந்தவர் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ‘ஒருபாடு’ என்பதை அப்படியே விட்டுவிடுகிறவர்களும் உண்டு. அங்கே அது ‘நிறைய’. வடக்கே இருப்பவர் ‘ஒரு பாடு’ என்று பிரித்துப் படித்து, ஏதோ பாடுபட்டிருக்கிறார் போல என்று நினைப்பார்.

இதே வகையில் ‘ஊண் கழிச்சு’ இன்னும் மோசமாகப் போகும். ‘கழிச்சு’ என்றால் அங்கே சாப்பிட்டது. தமிழில் அந்தச் சொல்லுக்குச் சாப்பாட்டு மேசைப் பக்கமே வேலை இல்லை. ‘மதிய சாப்பாடு சாப்பிட்டோம்’ என்று முழுதாக மாற்றுங்கள்.

கோளாறு 2: ஐந்து ஸ்டார் போட்டவர் திட்டியது போல இருக்கிறது

களியக்காவிளைப் பக்கம் ஒரு கடைக்காரர் போனை நீட்டி, “அண்ணே, இது புகழ்ச்சியா, குத்தமா?” என்று கேட்டார். திரையில் இருந்த வரி: ‘பீஃப் ஒரு ரக்ஷயுமில்ல’. அவருக்கு மலையாளம் பேசத் தெரியும். ஆனாலும் எழுத்தில் பார்த்தபோது குழம்பிவிட்டார். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘ஒரு ரட்சிப்பும் இல்லை’. தமிழில் இப்படிப் போட்டால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான் என்று அர்த்தமாகும். மலையாளிகள் பேச்சிலோ இது உச்சிப் பாராட்டு. இதை மிஞ்ச வழியே இல்லை என்கிற பொருளில் சொல்வது.

இந்தக் கூட்டத்தில் இன்னும் சில உண்டு. ‘ஒந்நும் பறயானில்ல’ என்பதை ‘ஒன்றும் சொல்வதற்கில்லை’ என்று மாற்றினால், மனம் வெறுத்துப்போன ஒருவர் பெருமூச்சு விடுவது போல இருக்கும். உண்மையில் குறை சொல்ல எதுவும் இல்லை, அவ்வளவு நன்றாக இருந்தது என்கிறார். ‘பொளிச்சு’, ‘தகர்த்து’ இரண்டும் சொல்லளவில் உடைப்பு, இடிப்பு. பேச்சில் ‘பிரமாதப்படுத்திவிட்டார்கள்’.

திருத்தம்: பாராட்டுச் சொல்லுக்குப் பாராட்டுச் சொல்லையே போடுங்கள், உருவகத்தைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். தமிழில் நமக்கே நல்ல சரக்கு இருக்கிறது. ‘ஒரு ரக்ஷயுமில்ல’வுக்கு ‘அடிச்சுக்க ஆளே இல்லை’ கச்சிதமாகப் பொருந்தும். ‘இல்லை’ என்று எதிர்மறையில் முடிந்து உச்சப் பாராட்டாகிற அமைப்பு இரண்டிலும் ஒன்றுதான். ‘ஒந்நும் பறயானில்ல’வுக்கு ‘சொல்லவே வேண்டாம்’: ‘மீன் வறுவலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்!’ ஆச்சரியக்குறி முக்கியம். அது இல்லாவிட்டால் இதுவும் பெருமூச்சு மாதிரி ஆகிவிடும். இளவட்டங்கள் எழுதிய வரி என்று தெரிந்தால் ‘வேற லெவல்’ போடலாம். அறுபது வயதுக்காரர் எழுதிய வரிக்கு அது ஒட்டாது.

ஒரு எச்சரிக்கை. ‘ஒரு ரக்ஷயுமில்ல’ எப்போதும் பாராட்டு அல்ல. ‘பார்க்கிங் ஒரு ரக்ஷயுமில்ல’ என்று ஒருவர் எழுதினால் வண்டி நிறுத்த வழியே இல்லை என்கிறார். எதைப் பற்றிய வரி, எத்தனை ஸ்டார் என்ற இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். சாப்பாட்டைப் பற்றி, நான்கோ ஐந்தோ ஸ்டாரோடு வந்தால் பாராட்டு. வண்டி நிறுத்துமிடம், கூட்டம், காத்திருப்பு இவற்றைப் பற்றி, ஒன்றோ இரண்டோ ஸ்டாரோடு வந்தால் புகார்தான்.

கோளாறு 3: அளவு மாறிவிட்டது

இதில் திட்டும் பாராட்டும் தலைகீழாவதில்லை; சூடு மட்டும் கூடிவிடும் அல்லது குறைந்துவிடும். கண்ணில் படாமல் தப்பிப்பது இந்தப் பிழைதான்.

அதிகம் மாட்டுவது ‘குழப்பமில்ல’. நம் கண்ணுக்கு ‘குழப்பமில்லை’ என்றே படுகிறது, தெளிவாக இருக்கிறது என்ற பொருளில். அங்கே ‘குழப்பம்’ என்றால் கோளாறு, பிரச்சினை. ஆக அந்த வரி ‘பெரிதாகக் குறை ஒன்றும் இல்லை’ என்கிறது, அதாவது நம்முடைய ‘பரவாயில்லை’. ‘தரக்கேடில்ல’வும் கிட்டத்தட்ட அதே படிதான். இவற்றை ‘நன்றாக இருந்தது’ என்று ஏற்றிவிட்டால், சொன்னதைவிடக் கூடுதலாக அவர் வாயில் திணிக்கிறோம்.

‘கொள்ளாம்’ ஒரு படி மேலே. இதை நாமும் பேசுகிறோம் என்பதால் மாற்றவே தோன்றாது. வடக்கே இருப்பவருக்கு ‘கொள்ளலாம்’, எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் படும். ‘நன்றாக இருக்கிறது’ என்று மாற்றுங்கள். ‘அருமை’ வரைக்கும் போக வேண்டாம். மூன்று ஸ்டாரோடு வந்த ‘கொள்ளாம்’ என்றால் ‘பரவாயில்லை’யே சரி. இவை எல்லாவற்றுக்கும் கீழே இருப்பது ‘போரா’: போதாது, தேறவில்லை. ‘ருசி போரா’ என்றால் ருசி பத்தவில்லை என்று அர்த்தம்.

‘கொள்ளாம்’ இன்னொரு வழியிலும் தொல்லை தரும். நிறையப் பேர் மலையாளத்தை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள், அப்போது அது `kollam` என்று வரும். கொல்லம் ஊரும் அதே `kollam`தான்; வருஷம் என்ற பொருளில் வரும் ‘கொல்லம்’ என்ற சொல்லும் அதேதான். `meen curry kollam` என்பதை ‘கொல்லம் மீன் குழம்பு’ என்று மாற்றி ஃப்ளெக்ஸில் போட்டால், அந்தக் கடையில் இல்லாத ஒரு பதார்த்தத்தைத் தேடிச் சென்னைக்காரர் வந்து நிற்பார். சோதனை எளிது. `kollathu ninnu` போல ‘இலிருந்து’ என்று பொருள்படும் சொல்லோடு சேர்ந்து வந்தால் ஊர். முன்னால் `randu` போல எண் வந்தால் வருஷம். பதார்த்தத்தின் பெயருக்குப் பின்னால் வந்து வரியே அதோடு முடிந்தால் ‘நன்றாக இருக்கிறது’.

கோளாறு 4: உள்ளூரில் எல்லோருக்கும் புரிகிறது, வெளியூர்க்காரர் மட்டும் விழிக்கிறார்

‘கறி எல்லாம் நன்றாக இருந்தது’ என்று எழுதுகிறோம். மலையாளத்தில் கறி என்றால் சோற்றுக்கு ஊற்றிக்கொள்கிற, தொட்டுக்கொள்கிற எதுவும். நம் பக்கத்திலும் அப்படித்தான். மதுரைக்காரருக்குக் கறி என்றால் ஆட்டுக்கறி, கோழிக்கறி. சைவக் கடையின் பலகையில் இந்த வரியைப் பார்த்தால் அவர் குழம்பிவிடுவார், சுத்த சைவர்கள் படியே ஏறமாட்டார்கள். ‘குழம்பு, கூட்டு எல்லாம் நன்றாக இருந்தது’ என்று பிரித்து எழுதுங்கள். மீன்கறி, மோர்க்கறி என்று முன்னால் ஒரு சொல் இருந்தால் பிரச்சினை இல்லை, எந்தக் கறி என்று அதுவே சொல்லிவிடும்.

‘விருத்தி’ அடுத்தது. ‘நல்ல விருத்தி உண்டு’ என்றால் சுத்தமாக இருக்கிறது. விளவங்கோட்டுக்காரர் யாரும் இதற்கு யோசிக்கக்கூட மாட்டார். மற்றவர்களுக்கு விருத்தி என்றால் வளர்ச்சி. கடை நன்றாக ஓடுகிறது, வியாபாரம் பெருகுகிறது என்று எடுத்துக்கொள்வார்கள். சாப்பிட வருகிறவர் பார்க்கிற முக்கியமான விஷயம் சுத்தம், அது அவருக்குப் போய்ச் சேரவே இல்லை. ‘பெருமாற்ற’மும் இதே மாதிரி. அங்கே அது பழகும் விதம், நடந்துகொள்ளும் முறை. தமிழில் பெரும் மாற்றமாகிவிடும்: முன்பு மோசமாக இருந்த ஊழியர்கள் இப்போது திருந்திவிட்டார்கள் என்பது போல.

‘கடையில் தைரியமாட்டு கேறாம்’ என்றால் நம்பி உள்ளே போகலாம். நாமும் கேறுகிறோம். அதை ‘ஏறலாம்’ என்று தமிழாக்கினால் மாடிப்படி எங்கே என்று தேடுவார்கள். ‘நம்பிப் போகலாம்’ என்பதே போதும். ‘ஃபாமிலிக்குப் பற்றிய ஸ்தலம்’ குடும்பத்தைப் பற்றிய கோயில் தலம் ஆகிவிடக்கூடாது. ‘குடும்பத்தோடு போக ஏற்ற இடம்’.

தங்கும் விடுதி நடத்துகிறவர்களுக்கு ஒன்று: ‘தாமசிச்சு’ இரண்டு பக்கமும் வெட்டும். தங்கினோம் என்றும் பொருள், நேரமாயிற்று என்றும் பொருள். ஆள் தாமசித்தால் தங்கியிருக்கிறார். சாப்பாடோ பில்லோ தாமசித்தால் அது தாமதம்.

கோளாறு 5: பிழை இல்லை, ஆனால் அறிவிப்புப் பலகை மாதிரி இருக்கிறது

‘மீண்டும் வருகை தர ஆவலாக உள்ளோம்’, ‘உணவின் தரம் மிகவும் சிறப்பாகப் பேணப்படுகிறது’. இப்படி எழுதினால் கடைக்காரரே உட்கார்ந்து எழுதிக்கொண்டது போலத் தெரியும், படிப்பவர் நம்பமாட்டார். மூலத்தில் எத்தனை சொல்லோ, ஏறக்குறைய அத்தனை சொல்லோடு நிறுத்துங்கள். ‘இனியும் வரும்’ இரண்டு சொல். ‘மறுபடியும் வருவோம்’ என்பதும் இரண்டு சொல்தான்.

ஒரு வரியை முழுதாகத் திருத்திப் பார்க்கலாம்

நான்கு ஸ்டார், படத்தில் மூன்று தட்டு. வரி இது:

‘கப்பயும் மீன்கறியும் ஒரு ரக்ஷயுமில்ல. ஸ்டாஃபின்றெ பெருமாற்றம் நல்லது. ஃபுட் குறச்சு தாமசிச்சு, எந்நாலும் குழப்பமில்ல. இனியும் வரும்.’

எழுத்தை மட்டும் மாற்றினால் இப்படி வரும்: ‘கப்பையும் மீன்கறியும் ஒரு ரட்சையும் இல்லை. ஊழியர்களின் பெருமாற்றம் நல்லது. உணவு கொஞ்சம் தங்கியது, ஆனாலும் குழப்பமில்லை. இனியும் வரும்.’ நம் ஊரில் இதைப் படித்துவிட்டுத் தலையாட்டுவார்கள். திருச்சிக்காரருக்கு இதில் ஒரு வாக்கியம்கூட ஒழுங்காகப் போய்ச் சேராது.

முதலில் ஸ்டாரைப் பார்க்கிறோம். நான்கு, அதுவும் சாப்பாட்டைப் பற்றி. அதனால் ‘ரக்ஷயுமில்ல’ பாராட்டு. கப்பையை என்ன செய்வது? நமக்கு மரச்சீனி, வடக்கே மரவள்ளி. இதற்கு நான் பார்ப்பது கடையின் மெனு அட்டையை. வரியைப் படித்து ஆசைப்படுகிறவர் அதே பெயரைச் சொல்லித்தான் கேட்பார். மெனுவில் மரச்சீனி என்று இருந்தால் அதையே போட்டு, பின்னால் ‘கிழங்கு’ என்று சேர்த்துவிடலாம். பெயர் பழக்கமில்லாதவருக்கும் என்ன வகை என்று பிடிபடும். பெருமாற்றத்தைப் பெயர்ச்சொல்லாக வைக்காமல் வினையாக்கினால் எளிது: நன்றாகக் கவனித்தார்கள். தாமசித்தது சாப்பாடு, ஆகவே நேரமாயிற்று. ‘குழப்பமில்ல’ பரவாயில்லை. மூன்று தட்டு இருப்பதால் வருவோம்.

‘மரச்சீனிக் கிழங்கையும் மீன்கறியையும் அடிச்சுக்க ஆளே இல்லை. நன்றாகக் கவனித்தார்கள். சாப்பாடு வரக் கொஞ்சம் நேரமாயிற்று, ஆனாலும் பரவாயில்லை. மறுபடியும் வருவோம்.’

இந்த இடத்தில் கடைக்காரர், “அந்த நேரமாச்சுங்கறத மட்டும் எடுத்துரலாமா?” என்று கேட்பார், அநேகமாக எல்லோரும் கேட்பார்கள். எடுக்கலாம், பலகை அவருடையது. ஆனால் எடுத்தால் அந்த வாக்கியம் முழுவதையும் எடுக்க வேண்டும். ‘ஆனாலும் பரவாயில்லை’ என்பதை மட்டும் விட்டுவைத்தால் ‘நன்றாகக் கவனித்தார்கள், ஆனாலும் பரவாயில்லை’ என்று ஒட்டிக்கொண்டு புதிதாக ஒரு கோளாறு முளைக்கும். தாமதத்தை ‘நிதானமாகப் பரிமாறினார்கள்’ என்று பூசி மெழுகச் சொன்னால் நான் செய்வதில்லை. அதற்குப் பதிலாகக் குறை எதுவும் சொல்லாத வேறொரு வரியைத் தேடி எடுத்துத் தருகிறேன்.